மயில்துத்தத்துக்குள் எவ்வளவு தண்ணீர்?

உரக்கடையில் ஒரு கிலோ மயில்துத்தம் வாங்கினால், அதில் ஏறத்தாழ 360 கிராம் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். கடைக்காரர் ஏமாற்றவில்லை. மயில்துத்தம் என்றாலே அப்படித்தான். கையில் எடுத்துப் பார்த்தால் கல்லுப்பு போலக் காய்ந்து கிடக்கும். விரலில் ஈரம் ஒட்டாது. துணியில் கட்டி வெயிலில் தொங்கவிட்டாலும் அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி போகாது. ஏனென்றால் அது கல்லின் மேல் ஒட்டிய ஈரம் இல்லை, கல்லின் கட்டுமானத்திலேயே சேர்ந்த தண்ணீர். அந்த நீலமும் தண்ணீரால் வந்ததுதான். தண்ணீரை முழுக்க விரட்டிவிட்டால் மிஞ்சுவது சுண்ணாம்புத்தூள் போன்ற வெளுத்த பொடி.

பள்ளிப் பாடத்தில் இதற்குப் படிக நீர் என்று பெயர். மயில்துத்தத்தின் வாய்பாடு CuSO₄·5H₂O என்று பத்தாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். நடுவில் இருக்கும் அந்தப் புள்ளிக்கு இடப்பக்கம் காப்பர் சல்பேட், வலப்பக்கம் தண்ணீர். ஒரு காப்பர் சல்பேட்டுக்கு ஐந்து தண்ணீர் மூலக்கூறு என்று அர்த்தம். ஆனால் அந்த ஐந்து எங்கிருந்து வந்தது? ஏன் நான்கு இல்லை, ஏன் ஆறு இல்லை? இதைக் கண்டுபிடிக்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு தராசும் ஓர் அடுப்பும் போதும். உப்பை எடை போடவேண்டும், சூடாக்கவேண்டும், மறுபடி எடை போடவேண்டும். எடை எவ்வளவு குறைந்ததோ அவ்வளவும் போன தண்ணீர்.

வழி புதிதல்ல. 1765-இல், 21 வயது இளைஞராக இருந்த லவாய்சியே, பாரிஸ் அறிவியல் கழகத்தில் படித்த முதல் வேதியியல் கட்டுரை ஜிப்சத்தைப் பற்றியது. ஜிப்சத்தைச் சுடும்போது குறையும் எடை தண்ணீரின் எடை என்றும், சுட்ட பொடி மறுபடி தண்ணீர் குடித்துத்தான் கெட்டியாகிறது என்றும் அவர் காட்டினார். எலும்பு முறிந்தவர்களுக்குப் போடும் மாவுக்கட்டில் இன்றும் நடப்பது அதுதான்.

மயில்துத்தத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பாத்திரம், மூடியுடன் கூடிய சிறிய பீங்கான் மூசை. பொற்கொல்லர் தங்கம் உருக்கும் மூசையின் சாயல்தான், ஆனால் கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். உப்பைப் போடுவதற்கு முன்பே வெறும் மூசையை நன்றாகச் சூடாக்கி ஆறவிட வேண்டும். பீங்கானும் காற்றிலிருந்து கொஞ்சம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அது பின்னால் உப்போடு சேர்ந்து போனால், உப்பின் கணக்கில் ஏறிவிடும். ஆறிய மூசையை மூடியோடு நிறுத்து எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு பொடித்த மயில்துத்தத்தைப் போட்டு மறுபடி நிறுக்கவேண்டும். பெரிய பளிங்குகளை அப்படியே போடக்கூடாது. உள்ளே அடைபட்ட நீராவி வெளியேற வழியில்லாமல் பளிங்கு வெடித்துத் தெறிக்கும்.

ஓர் உதாரணக் கணக்கு. வெறும் மூசையும் மூடியும் 28.42 கிராம். உப்போடு சேர்த்து 31.55 கிராம். ஆக, எடுத்த மயில்துத்தம் 3.13 கிராம்.

மூடியைச் சற்றே விலக்கி வைத்து, முதலில் இளஞ்சூட்டில் காய்ச்ச வேண்டும். நீலம் வெளிறத் தொடங்கும். குளிர்ந்த கண்ணாடித் தட்டு ஒன்றை மேலே பிடித்தால் துளித்துளியாக நீர் படியும். இந்தக் கட்டத்தைப் பலர் சும்மா வேடிக்கைக்காகச் செய்கிறார்கள். எனக்கு இது அவசியமான படியாகவே தோன்றுகிறது. தராசு எடை குறைந்தது என்று மட்டும் சொல்லும், எது குறைந்தது என்று சொல்லாது. போவது தண்ணீர்தான் என்பதற்கு அந்தத் துளிகள்தான் சாட்சி. பிறகு சூட்டைக் கொஞ்சம் கூட்டினால் சில நிமிடங்களில் பொடி முழுக்க வெளுத்துவிடும். அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, நிறுத்தால் 30.61 கிராம்.

இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். நீலம் போயிற்று, வெள்ளை வந்தாயிற்று, வேலை முடிந்தது என்று கணக்குப் போட உட்கார்ந்துவிடுகிறார்கள். நாமும் அவர்களோடு சேர்ந்து ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

போன தண்ணீர் 0.94 கிராம். மூசையில் மிஞ்சியது 2.19 கிராம். இந்த இரண்டு எடைகளை அப்படியே ஒப்பிட்டுப் பயனில்லை. நமக்கு வேண்டியது எடை விகிதம் அல்ல, எண்ணிக்கை விகிதம். வங்கியில் ஒரு ரூபாய் நாணய மூட்டையையும் ஐந்து ரூபாய் நாணய மூட்டையையும் எண்ணாமலேயே நிறுத்துப் பார்த்து, ஒரு நாணயத்தின் எடையால் வகுத்தால் எண்ணிக்கை வந்துவிடும் அல்லவா? அதே யுக்திதான். வேதியியலர்களின் கணக்கில் ஒரு தண்ணீர் மூலக்கூறின் எடை 18. நீர் நீங்கிய காப்பர் சல்பேட்டின் எடை 159.6. இந்த எண்களால் வகுத்தால் கிடைப்பதை மோல் என்பார்கள். மோல் என்பது எண்ணிக்கையின் ஓர் அலகு, அவ்வளவுதான்.

0.94-ஐ 18-ஆல் வகுத்தால் 0.0522. 2.19-ஐ 159.6-ஆல் வகுத்தால் 0.0137. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 3.8. முழு எண்ணாக்கினால் 4. அழகான விடை, ஆனால் தவறு. தவறென்று அந்த எண்ணைப் பார்த்து யாராலும் சொல்லவும் முடியாது.

அதே மூசையை மறுபடி அடுப்பில் ஏற்றி, இந்த முறை சூட்டைக் கூட்டிப் பத்து நிமிடம் காய்ச்சி, ஆறவிட்டு நிறுத்தால் 30.44 கிராம். இன்னும் எடை குறைந்திருக்கிறது, அதாவது உள்ளே இன்னும் தண்ணீர் இருந்திருக்கிறது. மூன்றாம் முறை 30.43. நான்காம் முறையும் 30.43. அடுத்தடுத்து இரண்டு முறை எடை மாறாமல் நின்றால்தான் தண்ணீர் தீர்ந்தது என்று நம்பலாம். இந்தச் சோதனையின் உயிர் இந்த ஒரு விதியில்தான் இருக்கிறது: வெள்ளையாகும்வரை அல்ல, எடை நிலைக்கும்வரை சூடாக்கு.

இப்போது கணக்கு வேறு. போன தண்ணீர் 1.12 கிராம், மிஞ்சிய உப்பு 2.01 கிராம். 1.12-ஐ 18-ஆல் வகுத்தால் 0.0622. 2.01-ஐ 159.6-ஆல் வகுத்தால் 0.0126. விகிதம் 4.94. ஐந்துதான்.

முதல் முறை ஏன் கண் ஏமாந்தது? மயில்துத்தத்தின் ஐந்து தண்ணீரும் ஒரே மாதிரி கட்டுப்பட்டவை அல்ல. 1912-இல் மியூனிக் நகரில் லாவேயின் யோசனைப்படி பிரீட்ரிக், நிப்பிங் என்ற இருவரும் பளிங்கு ஒன்றின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தி, முதன்முதலாகப் புள்ளிப் படம் ஒன்றைப் பிடித்தார்கள். அந்தப் பளிங்கு மயில்துத்தம்தான். ஆனாலும் அதன் உள்ளமைப்பை முழுதாகக் கண்டறிய 1934 வரை ஆயிற்று. பீவர்ஸ், லிப்சன் என்ற இரு ஆங்கிலேயர்கள் அதைச் செய்தார்கள். நான்கு தண்ணீர் மூலக்கூறுகள் செம்பு அணுவைச் சுற்றி நேரடியாகப் பிணைந்திருக்கின்றன. ஐந்தாவது செம்பைத் தொடுவதில்லை. அது சல்பேட்டுக்கும் மற்ற தண்ணீருக்கும் நடுவே ஹைட்ரஜன் பிணைப்புகளால் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

சூடாக்கும்போது முதல் நான்கு மூலக்கூறுகள் 100 பாகையை ஒட்டியும் அதற்குச் சற்று மேலுமாகப் போய்விடும். கடைசி ஒன்று 200 பாகையைத் தாண்டினால்தான் கிளம்பும். நான்கு போன நிலையிலேயே உப்பு கிட்டத்தட்ட வெளுத்துவிடுகிறது. அதனால்தான் வெள்ளையைக் கண்டு நிறுத்தியவருக்கு நான்கு என்ற விடை கிடைத்தது. அவருடைய பொடியில் கடைசித் தண்ணீர் இன்னும் உட்கார்ந்திருந்தது. அந்தத் தண்ணீரின் எடையை உப்பின் எடையாகவே அவர் எண்ணிவிட்டார்.

அப்படியானால் சூட்டை ஒரேயடியாக ஏற்றிவிட்டால் என்ன? அங்கே எதிர்ப்பக்கக் குழி இருக்கிறது. 600 பாகைக்கு மேல் போனால் காப்பர் சல்பேட்டே சிதைந்து, கந்தக ஆக்சைடு வாயுக்களை விட்டுவிட்டு, கறுப்பான காப்பர் ஆக்சைடாக மாறும். புன்சன் அடுப்பின் நீலச்சுடர் நேரே படும் மூசையின் அடிப்பகுதிக்கு அந்தச் சூடு எளிதில் எட்டிவிடும். பொடியில் சாம்பல் நிறமோ கறுப்போ தெரிந்தால், மூக்கில் ஏறும் நெடி வந்தால், உடனே நிறுத்திவிட வேண்டும். அந்தச் சோதனை கெட்டுவிட்டது, புதிதாகத்தான் தொடங்கவேண்டும். கெட்டதைப் பொருட்படுத்தாமல் கணக்குப் போட்டால் வெளியேறிய கந்தக வாயுவும் தண்ணீராகவே எண்ணப்படும், விடை ஐந்தரை, ஆறு என்று ஏறும். 3.13 கிராம் முழுதுமே ஆக்சைடாகிவிட்டால் ஏறத்தாழ ஒரு கிராம்தான் மிஞ்சும். கணக்கு 19 தண்ணீர் என்று சொல்லும். அப்போது எவருக்கும் சந்தேகம் வந்துவிடும். ஆபத்து, கொஞ்சமாகக் கெட்டதில்தான். அதனால் மூசையை நேரே சுடரில் வைக்காமல் மணல் நிரப்பிய தட்டில் புதைத்துக் காய்ச்சுவது நல்லது. நேரம் கூடுதலாகும், ஆனால் சூடு கட்டுக்குள் நிற்கும்.

ஆறவிடுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சூடான மூசையை அப்படியே தராசில் வைத்தால் அதைச் சுற்றியுள்ள காற்று சூடாகி மேலெழும். அந்த ஓட்டம் தட்டைத் தூக்குவதால் எடை குறைவாகக் காட்டும். சரி, மேசைமேல் வைத்து ஆற விடலாமென்றால், நீர் நீங்கிய காப்பர் சல்பேட்டுக்குத் தீராத தாகம். காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு எடை கூடத் தொடங்கும். நம் ஊர் மழைக்கால அறையில் சொல்லவே வேண்டாம். அதனால் அடியில் சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத உலர்கலனுக்குள் மூடியோடு வைத்து ஆறவிட்டு, ஆறியதும் தாமதிக்காமல் நிறுக்கவேண்டும். இந்த இரண்டு பிழைகளும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. சூடாக நிறுத்தால் தண்ணீர் அதிகமாகத் தெரியும். திறந்து ஆறவிட்டால் குறைவாகத் தெரியும். விடை எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்பதை வைத்தே எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

எவ்வளவு உப்பு எடுப்பது என்பதும் விளையாட்டல்ல. பள்ளிகளில் இருக்கும் மின்தராசு 0.01 கிராம் வரை காட்டும். மூன்று கிராம் எடுத்தால் கடைசி இலக்கம் ஒன்று இப்படி அப்படி ஆனாலும் விடை ஐந்தை விட்டு நகராது. சிக்கனம் பார்த்து 0.31 கிராம் மட்டும் எடுத்திருந்தால்? தண்ணீர் 0.11, மிஞ்சியது 0.20 என்று வரும். விகிதம் 4.9. பரவாயில்லை போலத் தெரியும். ஆனால் தராசு ஒரே ஒரு புள்ளி தவறி 0.12, 0.19 என்று காட்டியிருந்தால் விகிதம் 5.6 ஆகிவிடும். மறுபக்கம் தவறி 0.10, 0.21 என்றால் 4.2. ஆக, நான்கு முதல் ஆறு வரை எதை வேண்டுமானாலும் அந்தத் தராசை வைத்து நிரூபிக்கலாம். அப்படியென்று மூசை நிறையக் கொட்டினாலும் சிக்கல்தான். மேலே பொடி வெளுத்திருக்கும், அடியில் கறுக்கும், நடுவில் நீலம் ஒளிந்திருக்கும். சிறிய மூசைக்கு இரண்டு மூன்று கிராம் பொருத்தமான அளவு.

4.94 என்பதை 5 என்று எழுதுவது நியாயமா என்று சிலர் கேட்பார்கள். நியாயம்தான், ஒரு காரணத்தோடு. பளிங்கில் மூலக்கூறுகள் ஒழுங்கு மாறாமல் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு காப்பர் சல்பேட்டுக்கு இத்தனை தண்ணீர் என்பது அந்த அடுக்கின் விதி. 4.94 தண்ணீர் என்று ஒன்று அங்கே இருக்கமுடியாது. ஆனால் விடை 5.4 வந்தால் அதை 5 ஆக்குவது நியாயமல்ல. மறுபடி செய்யவேண்டும். முழு எண்தான் வரவேண்டும் என்பதும் கட்டாயமில்லை. மாவுக்கட்டுப் பொடியை இதே முறையில் சோதித்தால் விகிதம் அரை என்று வரும். அதை ஒன்றாக்கினால் தவறு. இரண்டு கால்சியம் சல்பேட்டுகளுக்கு நடுவில் ஒரு தண்ணீர் என்பதுதான் அங்கே உண்மை.

இந்த முறை எல்லா உப்புக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடக்கூடாது. இரண்டு நிபந்தனைகள் அதற்கு உண்டு. நீர் நீங்கிய உப்பின் வாய்பாடு முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும். 159.6 என்ற எண் தெரியாவிட்டால் நம் கணக்கில் பாதியே நகராது. இரண்டாவது, சூடாக்கும்போது தண்ணீர் மட்டுமே போகவேண்டும். எப்சம் உப்பு இதற்கு ஒத்துழைக்கும், பொறுமையாகக் காய்ச்சினால் ஏழு என்ற விடையைத் தரும். கடல்நீரில் உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரிலிருந்து கிடைக்கும் மக்னீசியம் குளோரைடு ஒத்துழைக்காது. அதன் பளிங்கைச் சூடாக்கினால் தண்ணீரோடு ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியும் சேர்ந்து கிளம்பும். எடை எவ்வளவு குறைந்தது என்று தெரியும், ஆனால் அதில் தண்ணீர் எவ்வளவு என்று தெரியாது. அன்னபேதி எனப்படும் பச்சை இரும்பு உப்பைத் திறந்த மூசையில் காய்ச்சினால் இரும்பு காற்றோடு சேர்ந்து மாறிவிடும், கணக்கு குலைந்துபோகும். வாஷிங் சோடாவிலோ வேறு சிக்கல். நல்ல பளிங்கில் பத்துத் தண்ணீர் உண்டு. ஆனால் திறந்து வைத்த பொட்டலத்தில் அவை தாமாகவே காற்றுக்குப் போய்க்கொண்டிருக்கும். பழைய சரக்கைச் சோதித்தால் பத்து வராது. அங்கே தவறு சோதனையில் இல்லை, சரக்கில்.

செய்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மயில்துத்தம் நஞ்சு. சமையல் பாத்திரத்திலோ வீட்டு அடுப்பிலோ இதைச் செய்யக்கூடாது. கண்ணாடி அணிந்து, காற்றோட்டமுள்ள ஆய்வகத்தில் செய்யவேண்டும். மிஞ்சிய பொடி முழுதாக ஆறிய பிறகு, அதன்மேல் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீரை விட்டுப் பாருங்கள். நீலம் உடனே திரும்பும், மூசை கையில் தெரியுமளவுக்குச் சூடாகும். தண்ணீரை விரட்ட நாம் கொடுத்த வெப்பத்தில் ஒரு பகுதியை அது திருப்பித் தருகிறது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தச் சோதனைக்கு மயில்துத்தத்தைக் கொடுத்தால் விடை ஐந்து என்று வகுப்பில் எல்லோருக்கும் முன்பே தெரியும். தெரிந்த விடைக்கு எடைகளை வளைத்துக்கொள்வது மாணவர்களுக்குக் கஷ்டமே இல்லை. 3.8 வந்தவர் மறுபடி அடுப்பை மூட்டாமல், நோட்டில் ஓர் இலக்கத்தைத் திருத்திவிடுவார். அதற்குப் பதிலாக எப்சம் உப்பை எடுத்துப் பெயர் எழுதாத புட்டியில் போட்டு, நீர் நீங்கிய உப்பின் எடை எண் 120.4 என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். எத்தனை தண்ணீர் என்று தராசிடம்தான் கேட்டாக வேண்டும். நோட்டில் மதிப்பெண் போடும்போது கடைசி விடையை மட்டும் பார்க்காமல், ஒரே எடை இரண்டு முறை அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.